கஞ்சியை வடிப்பதுபோல் காயையும் வடியுங்கள்

கேள்வி: மேடம், என் அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, இரண்டு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறோம். போன மாதம் பொட்டாசியம் 6.1 வந்ததும் பயந்துபோய் பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையில் இட்லி, மதியம் சாதம், ரசம், மோர், ராத்திரி ரவா உப்புமா, அவ்வளவுதான். பொட்டாசியத்தைக் குறைக்க ஒரு பவுடரும் தருகிறார்கள். இப்போது நான்கு நாளைக்கு ஒருமுறைதான் மலம் போகிறது, அதுவும் கல் மாதிரி. பாட்டி உலர்திராட்சை ஊறவைத்த தண்ணீரும் வாழைப்பழமும் கொடுக்கச் சொல்கிறார். மெடிக்கல் ஷாப்பில் இசப்கோல் தந்தார்கள். ஆனால் தண்ணீரே நாளைக்கு 800 மில்லிதான் குடிக்கலாம். நார்ச்சத்துக்குக் காய் வேண்டும், காய் என்றால் பொட்டாசியம். நான் என்னதான் கொடுப்பது?
– ஒரு மகள், தென்காசி

பதில்: முதலில் அந்த 6.1. அதற்குப் பிறகு மறுபடி ரத்தம் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் அடுத்த டயாலிசிஸ் அன்று, மெஷினில் போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். நான் கீழே எழுதும் சாப்பாட்டு மாற்றங்களை எந்த வேகத்தில் செய்யலாம் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. இன்னும் 6-க்கு மேலேயே நின்றால் சமையலறைக்குப் போவதற்கு முன் உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் போங்கள்.

இனி வயிற்றுக்கு வருவோம். பொட்டாசியம் ஒரு பிரச்சினை, மலச்சிக்கல் வேறு ஒரு பிரச்சினை, ஒன்றைத் தீர்த்தால் மற்றது கூடும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைக்கிறார்கள். உடம்புக்குள் நடப்பது வேறு. நாம் சாப்பிடும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. மீதி 10 சதவீதம் மலத்தில் போகிறது. சிறுநீரகம் கைவிட்டுவிட்டால் பெருங்குடல் அந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தைத் தன் சுவர் வழியாக இழுத்து மலத்தில் சேர்க்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு மலத்தில் போகும் பங்கு 25, 30 சதவீதம் வரைகூட உயரலாம். மெஷின் வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் வேலை செய்கிறது. குடல் மற்ற நேரமெல்லாம் செய்கிறது. நான்கு நாள் மலம் போகாவிட்டால் அந்த வாசல் நான்கு நாள் அடைந்து கிடக்கிறது என்று பொருள். ஆக, அப்பாவின் பொட்டாசியத்தைக் குறைக்க நீங்கள் எடுத்த நடவடிக்கையே அதைக் குறையவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். பயப்படும்போது எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் எதை நிறுத்தினீர்கள், எதை வைத்துக்கொண்டீர்கள் என்று பாருங்கள். நிறுத்தியது காய். வைத்துக்கொண்டது ரசம். பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. தக்காளியையும் புளியையும் கரைத்துக் கொதிக்கவைத்தால் அவற்றின் பொட்டாசியம் ரசத்தில் இறங்கிவிடும், நார் சக்கையோடு போய்விடும். பாட்டி சொல்லும் திராட்சைத் தண்ணீரும் அதே கதைதான்: ஊறவைத்த பழத்திலிருந்து பொட்டாசியம் தண்ணீருக்கு வரும், நார் பழத்திலேயே தங்கும். வாழைத்தண்டுச் சாறு, காய்கறி சூப், இளநீர், ஜூஸ் எல்லாவற்றையும் இதே கணக்கில் சேருங்கள். ஒரு இளநீரில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும், நார் பெயருக்குத்தான். பாட்டியிடம் கோபப்படாதீர்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் உடம்புக்கு அவர் சொல்வது நல்ல வைத்தியம்தான்.

இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். கரைவது பொட்டாசியம், கரையாமல் நிற்பது பெரும்பாலும் நார். அப்படியானால் சாற்றைக் கொட்டிவிட்டுச் சக்கையைச் சாப்பிட வேண்டும். குக்கர் வருவதற்கு முன் நம் வீடுகளில் சாதத்தைக் கஞ்சி வடித்துத்தான் இறக்குவார்கள். காயையும் அப்படி வடித்து இறக்குங்கள்.

செய்முறையில் இரண்டு மூன்று இடங்களில்தான் தவறு நடக்கும். பீன்ஸ், முட்டைக்கோஸ், அவரை, கொத்தவரை, கேரட் எதுவானாலும் பொடியாக நறுக்க வேண்டும். முழுக் கேரட்டை வேகவைத்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நறுக்கிய காய் ஒரு கப் என்றால் தண்ணீர் ஐந்தாறு கப்பாவது இருக்க வேண்டும். தண்ணீர் கொதித்த பிறகு காயைப் போட்டு, பத்து நிமிடம் திறந்தபடியே கொதிக்கவிட்டு, வடிதட்டில் கொட்டி, மேலே ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். அதன் பிறகு கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்துப் பிரட்டினால் பொரியல் தயார். இப்படிச் செய்தால் காயைப் பொறுத்துப் பொட்டாசியத்தில் கிட்டத்தட்டப் பாதியும், சில காய்களில் அதற்கு மேலும் தண்ணீரில் இறங்கிவிடும். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இரண்டு விசில் விட்டால் இது நடக்காது. ஆவியில் வேகவைத்தாலும் மைக்ரோவேவில் வைத்தாலும் நடக்காது. பச்சைத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். வெறும் ஊறலால் இறங்குவது குறைவு, கொதிநீர்தான் வேலையைச் செய்கிறது. வடித்த தண்ணீரைச் சாம்பாரில் சேர்க்கும் சிக்கனப் பழக்கம் நம் கைகளுக்கு உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதில் வைட்டமின் பி, சி இரண்டும் தண்ணீரோடு போய்விடுமே என்று கேட்பீர்கள். போகும். அதற்காகவும், டயாலிசிஸிலேயே இவை வெளியேறுவதாலும்தான் பெரும்பாலான டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதுகிறார்கள். அப்பாவின் சீட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டயாலிசிஸ் நாட்களில் அதை முடித்து வந்த பிறகு கொடுக்க வேண்டும். முன்னால் கொடுத்தால் மெஷினில் போய்விடும்.

முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, உருளைக்கிழங்கு, சேனை, பீட்ரூட் ஆகியவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம். வடித்த பிறகும் அவற்றில் மிஞ்சுவது கொஞ்சம் அதிகம். எண் 5-க்குப் பக்கத்தில் இரண்டு முறையாவது நின்ற பிறகு அவற்றைப் பற்றிப் பேசலாம்.

பழத்தை வடிக்க முடியாது. அங்கே நான் வேறு ஒரு கணக்குப் போடுவேன்: ஒரு கிராம் நார் கிடைக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் விலையாகக் கொடுக்கிறோம்? நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 3 கிராம் நார், சுமார் 420 மில்லிகிராம் பொட்டாசியம். கிராமுக்கு 140. அதே 3 கிராம் நார் ஒரு சின்னக் கொய்யாவில், அதாவது எலுமிச்சையை விடச் சற்றுப் பெரியதில், ஏறக்குறைய 230 மில்லிகிராமுக்குக் கிடைக்கிறது. தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4 கிராமுக்கு மேல் நார், பொட்டாசியம் 200-க்கும் குறைவு. எல்லாவற்றிலும் மலிவானது பேரிக்காய்: 5 கிராம் நார், 200 மில்லிகிராம் பொட்டாசியம், கிராமுக்கு 40 மட்டுமே. கொடைக்கானலிலிருந்து வரும் அந்தக் கெட்டியான, சொரசொரப்பான பேரிக்காயை மலிவுப் பழம் என்று ஒதுக்கிவிடுகிறோம். எனக்கு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அதைவிடப் பிடித்த பழம் கிடையாது. தோலை நன்றாகக் கழுவித் தோலோடு கொடுங்கள்; தோலைச் சீவினால் நாரில் நல்ல பங்கு போய்விடும். அப்பாவுக்குச் சர்க்கரையும் இருப்பதால் நாளுக்கு ஒரு பழம், சாப்பாட்டோடு சேர்க்காமல் நடுவில் கொடுப்பது நல்லது. ஒன்றைத் தொடவே கூடாது: நட்சத்திரப் பழம். அதில் இருக்கும் ஒரு நச்சை ஓய்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. தீராத விக்கலில் தொடங்கி, குழப்பம், வலிப்பு என்று போய், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்து நான் சொல்லப்போவதைக் கேட்டு உங்கள் டயாலிசிஸ் சென்டரில் யாராவது புருவம் உயர்த்தலாம். கொண்டைக்கடலைச் சுண்டல். பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டும் இருக்கிறது என்று பல வருடம் உணவு ஆலோசகர்களான நாங்களே அதைத் தடை செய்திருந்தோம். இப்போது பார்வை மாறியிருக்கிறது. பயறு வகைகளில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி நம் குடல் எளிதில் உறிஞ்ச முடியாத வடிவில் இருக்கிறது. பாக்கெட் தின்பண்டங்களிலும் கோலாவிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புதான் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போகிறது. 25 கிராம் கடலையை, அதாவது ஒரு சின்னக் கைப்பிடியை, ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிறைய விட்டு வேகவைத்து, அதையும் வடித்துவிட்டால் 5 கிராமுக்குக் குறையாமல் நார் கிடைக்கும். பொட்டாசியம் 100, 120 மில்லிகிராம் அளவில் நிற்கும். கூடவே டயாலிசிஸ் உடம்புக்குத் தேவையான புரதமும் கொஞ்சம் சேரும். ஒன்றுவிட்டு ஒருநாள் போதும். கடலை வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்தால் ருசியாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். அது மற்றவர்களுக்கு.

அப்பாவின் ஒருநாள் சாப்பாட்டை இப்போது கூட்டிப் பார்ப்போம். நீங்கள் எழுதிய இட்லி, சாதம், ரவையில் நார் 10 கிராம் சுற்றித்தான் வரும். நமக்கு 20-லிருந்து 25 வேண்டும். ராத்திரி வெள்ளை ரவைக்குப் பதில் சம்பா கோதுமை ரவை 50 கிராம் என்றால் கூடுதலாக 3 கிராம். மதியமும் ராத்திரியும் வடித்த பொரியல் ஒவ்வொரு கப் என்றால் 5. பேரிக்காயோ ஆப்பிளோ ஒன்று, 4 அல்லது 5. இங்கேயே 22 வந்துவிட்டது. சுண்டல் வைக்கும் நாளில் 27. இதற்காக உள்ளே வரும் கூடுதல் பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து 600 மில்லிகிராம் பக்கம்தான். பாட்டி ஆசைப்பட்டபடி ஒரு வாழைப்பழமும் ஒரு இளநீரும் கொடுத்திருந்தால் 900-ஐத் தாண்டியிருக்கும், நாரோ 3 கிராமோடு நின்றிருக்கும். ரசத்தைத் தெளிவாக இறுத்து ஒரு கரண்டியோடு நிறுத்தினால் இந்த 600-லும் கொஞ்சம் ஈடாகிவிடும். குறைந்த சோடியம் என்று போட்டு விற்கும் உப்பு வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சோடியத்துக்குப் பதில் அதில் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு.

எல்லாவற்றையும் நாளைக்கே மாற்ற வேண்டாம். முதல் வாரம் ராத்திரி ரவையும் மதியப் பொரியலும். அடுத்த வாரம் பழம். அதற்கடுத்த வாரம் ராத்திரிப் பொரியலும் சுண்டலும். நாலு நாளாகக் கெட்டியாகக் கிடக்கும் குடலில் திடீரென்று நாரைக் கொட்டினால் வயிறு ஊதும், அப்பா சாப்பிட மறுப்பார். டயாலிசிஸ் நோயாளி பட்டினி கிடந்தாலும் பொட்டாசியம் ஏறும் என்பது பலருக்குத் தெரியாது. சாப்பிடாதபோது இன்சுலின் குறையும். இன்சுலின்தான் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளி வைப்பது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும் இதேதான். ஆகவே 6.1 வந்த வாரத்தில் அப்பாவின் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள்.

இசப்கோலுக்கு வருகிறேன். அதில் பொட்டாசியம் பயம் இல்லை. பயம் தண்ணீரில்தான். அந்த உமி தன்னைப்போல் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தை இளக்கும். அதனால்தான் ஒரு வேளைக்கு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிக்கச் சொல்கிறார்கள். 800 மில்லியில் 200, 250 மில்லியை அதற்கே கொடுத்துவிட்டால் மாத்திரைக்கும் காபிக்கும் என்ன மிஞ்சும்? இந்தக் கஷ்டத்தைப் பார்த்து பலர் இரண்டு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிடுகிறார்கள். அப்போது அது வழியிலேயே பசைபோல் இறுகி, ஏற்கெனவே மெதுவாக நகரும் குடலை அடைத்துவிடும். பல வருடச் சர்க்கரையால் அப்பாவின் குடல் நரம்புகளும் மந்தமாகியிருக்க வாய்ப்பு உண்டு. கெட்டி மலம் உள்ளே தேங்கியிருக்கும் இப்போதைய நிலையில் இசப்கோலைத் தொடங்காதீர்கள். முதலில் தேங்கியது இறங்கட்டும். பிறகும் வேண்டுமென்றால் நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அதற்கான டம்ளர் தண்ணீரை 800-க்குள்ளேயே ஒதுக்க முடிந்தால்தான். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு. ஒதுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் ஒரு நார்ப்பொடி. பதப்படுத்திய குவார் கம் என்று கேட்டால் கிடைக்கும். இசப்கோல்போல் கூழாகாமல் மோரிலோ கஞ்சியிலோ தெரியாமல் கரைந்துவிடும், தனியாக டம்ளர் தண்ணீர் கேட்காது. சமையலுக்குக் கெட்டிப்படுத்தப் போடும் சாதா குவார் கம் வேறு, அது வேண்டாம். மலம் இளக வேண்டும் என்று தண்ணீர் அளவைக் கூட்டிவிடாதீர்கள். அது குடலுக்குப் போவதற்கு முன் காலிலும் நுரையீரலிலும் நிற்கும்.

நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்த அந்தப் பவுடரைப் பற்றித்தான் எனக்கு அதிக யோசனை. இப்படி ஒருவரைப் பார்த்திருக்கிறேன். சங்கரன்கோவில் பக்கத்தில் விசைத்தறி வைத்திருந்தவர், 50 வயதுக்கு மேல். பொட்டாசியம் 5.9 வந்தது, ஒரு மருத்துவமனையில் பவுடரை நாளைக்கு இரண்டு வேளை எழுதினார்கள். காயை நிறுத்தினார்கள். மலம் இறுகியது. அடுத்த மாதம் 6.2. பவுடர் மூன்று வேளையானது. அதற்கடுத்த மாதமும் 6-க்குக் குறையவில்லை. இவர் எதையோ ஒளித்துச் சாப்பிடுகிறார் என்று வீட்டிலேயே சந்தேகப்பட்டார்கள். என்னிடம் வந்தபோது நான் முதலில் கேட்டது கடைசியாக எப்போது வெளிக்குப் போனீர்கள் என்பதைத்தான். விரல்விட்டு எண்ணி ஆறு நாள் என்றார். அந்தப் பவுடர், பாலிஸ்டைரீன் சல்ஃபோனேட் வகை, குடலில் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற வேண்டியது. மலமே வெளியேறாவிட்டால் பிடித்ததும் உள்ளேயேதான் இருக்கும். போதாததற்கு அதுவே மலச்சிக்கலை உண்டாக்கும். சிறுநீரக மருத்துவர் அவருக்குப் பவுடரை நிறுத்திவிட்டு ராத்திரியில் லாக்டுலோஸ் சிரப் எழுதினார், நான் வடித்த காயைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் மலம் போனது, டயாலிசிஸுக்கு முந்தைய பொட்டாசியம் 5.2-க்கு இறங்கியது. காய் சாப்பிடத் தொடங்கியதால் பொட்டாசியம் குறைந்தது என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறும் இல்லை.

நீங்களாகப் பவுடரை நிறுத்திவிடாதீர்கள். நான்கு நாளைக்கு ஒருமுறைதான் போகிறது என்ற விவரத்தோடு மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள். அதே சீட்டில் பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரை இருக்கும். கால்சியம் அசிடேட், கால்சியம் கார்பனேட், செவலமர் மூன்றுமே வயிற்றைக் கட்டக்கூடியவை. இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். டயாலிசிஸின்போதே ஊசியில் இரும்பு ஏற்றுகிறார்கள் என்றால் வாய்வழி மாத்திரை இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். சேர்த்த மாத்திரையை எடுக்க மறந்த சீட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வலிக்குத் தரும் டிரமடாலும் குடலை மந்தமாக்கும்.

தேங்கிக் கிடப்பதை இறக்க ஏதாவது மருந்து முதலில் வேண்டியிருக்கும். நார் அதற்குப் போதாது. லாக்டுலோஸ் குடலுக்குள்ளேயே தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். ராத்திரி 15 மில்லி என்பது வழக்கமான தொடக்கம். மலத்தோடு பொட்டாசியமும் கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பது உபரி லாபம். சில நாளைக்கு மட்டும் என்றால் பிசாகோடில் அல்லது நிலாவரை சேர்ந்த மாத்திரையும் எழுதுவார்கள். எதைக் கொடுப்பது, எத்தனை நாள் என்பது மருத்துவர் முடிவு. கடையில் நீங்களே வாங்கக்கூடாதவை மட்டும் நான் சொல்கிறேன். மலச்சிக்கலுக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக விற்கும் பாட்டில் சிரப்புகள் பலவற்றில் மில்க் ஆஃப் மக்னீசியா இருக்கிறது. லேபிளில் மக்னீசியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கும். சிறுநீரகம் இல்லாமல் அந்த மக்னீசியம் வெளியேறாது. ஏறினால் தசை தளரும், மூச்சு மந்தமாகும், இதயத் துடிப்பு குறையும். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் எனிமாவில் சோடியம் பாஸ்பேட் இருக்கும், அதுவும் ஆகாது. என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத சூரணம், பஸ்பம் எதுவும் வேண்டாம். விளக்கெண்ணெய் குடித்து ஒரே நாளில் ஏழெட்டு முறை போய்விட்டு மறுநாள் டயாலிசிஸுக்கு வந்தால் ரத்த அழுத்தம் விழும். விழுந்த அழுத்தத்தில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் அமைத்திருக்கும் ஃபிஸ்டுலா ரத்தக்குழாயே உறைந்து அடைத்துக்கொள்ளலாம். பேதி நமது நோக்கம் இல்லை. நாளுக்கொரு முறை, முக்காமல், வாழைப்பழப் பதத்தில் போனால் போதும். உவமையில் மட்டும் வாழைப்பழத்துக்கு அனுமதி.

அப்பாவுக்கு எந்த ஷிப்ட் என்று எழுதவில்லை. காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் இன்னொரு காரணம் அங்கே ஒளிந்திருக்கும். பெரும்பாலானவர்களுக்குக் காலையில் ஏதாவது சாப்பிட்ட அரைமணிக்குள்தான் குடல் அசையும். அந்த நேரத்தில் அவர் பஸ்ஸிலோ, கையில் இரண்டு ஊசியோடு மெஷினிலோ இருப்பார். நடுவில் டெக்னீஷியனைக் கூப்பிட்டு டியூபைக் கழற்றச் சொல்லக் கூச்சப்பட்டு நாலு மணி நேரம் அடக்குவார். வாரம் மூன்று நாள் இப்படி அடக்கினால் பிறகு அந்த உணர்வே வருவதில்லை. டயாலிசிஸில் இழுக்கும் தண்ணீரால் மலம் வேறு இறுகும். மதிய ஷிப்டுக்கு மாற்றக் கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் டயாலிசிஸ் நாட்களில் அரைமணி முன்னால் எழுப்பி, இரண்டு இட்லியும் அளவுக்குள் சூடான காபியும் கொடுத்து, அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு மணை போடுங்கள், முழங்கால் உயர்ந்தால் வழி நேராகும். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாயங்காலம் தெருவில் இருபது நிமிடம் நடக்கட்டும்.

சில அறிகுறிகள் வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வயிறு கல்போல் உப்பி, காற்றும் பிரியாமல், வாந்தி வந்தால் குடல் அடைத்திருக்கலாம். மலத்தில் ரத்தம் தெரிந்தால் டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் ஹெப்பாரினைக் கொடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். பல நாள் போகாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நீராகக் கசிந்தால் பேதி என்று நினைத்து நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கெட்டியானது உள்ளே அடைத்திருக்க, அதன் ஓரமாக நீர் மட்டும் வடிகிறது. கால்கள் துவண்டு எழுந்து நிற்க முடியாமல் போனாலோ, நெஞ்சு படபடத்தாலோ, தலை கிறுகிறுத்தாலோ அது பொட்டாசியமாக இருக்கலாம். அடுத்த டயாலிசிஸ்வரை காத்திருக்காமல், இரவானாலும் உடனே போய் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு பழைய காலண்டரை எடுத்து, மலம் போன நாட்களில் மட்டும் ஒரு சுழி போட்டு வையுங்கள். புது முறைக்கு மாறி இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியம் பாருங்கள், 6.1 வந்தது எந்தக் கிழமையோ அதே கிழமையில், மெஷினுக்கு முன். திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்குத் திங்கட்கிழமை ரத்தம் இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு எடுப்பது, எப்போதும் சற்று ஏறியே இருக்கும். புதன்கிழமை எண்ணை அதோடு வைத்துப் பார்த்தால் இறங்கிவிட்டது என்று ஏமாந்துபோவோம். காலண்டர் சுழிகளையும் அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். உருளைக்கிழங்கைப் பற்றி அப்போது சொல்கிறேன்.